மூன்று ஹால் போதுமா, நாலாவது வேண்டுமா? ஒரே நாளில் எட்டுக் கூட்டம்

அரசலாற்றான்

கும்பகோணத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு கட்டடம். கீழே கடைகள், மாடியில் கூட்டத்துக்கு வாடகைக்கு விடும் மூன்று ஹால். ஆற்றுப் பெயராகவே வைத்திருக்கிறோம்: காவேரி, அரசலாறு, குடமுருட்டி. மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு, நாற்பது நாற்காலி போடலாம்.

ஜூன் 12 மேட்டூர் திறப்பை ஒட்டித்தான் எங்களுக்கு சீசன். குறுவைக்கு விதை, உரம், காப்பீடு என்று ஆளாளுக்குக் கூட்டம் போடுவார்கள். அடுத்த வாரம் ஒரு நாளுக்கு மட்டும் எட்டு போன் வந்தது. போன் வந்த வரிசையிலேயே தருகிறேன்.

போட்டித் தேர்வு வகுப்பு, 1:30 முதல் 4:00
மகளிர் சுயஉதவிக் குழு, 9:00 முதல் 12:00
உர டீலர்கள், 11:00 முதல் 2:00
பாசனதாரர் சங்கம், 9:00 முதல் 10:30
பயிர்க் காப்பீட்டு விளக்கம், 12:00 முதல் 1:00
விதை வியாபாரிகள், 9:30 முதல் 11:00
வெற்றிலை விவசாயிகள், 10:30 முதல் 12:30
நெசவாளர் கூட்டுறவு, 12:30 முதல் 3:00

போன் வரும்போதே காவேரி காலியா என்று பார்ப்போம், இல்லாவிட்டால் அரசலாறு, அதுவும் இல்லாவிட்டால் குடமுருட்டி. நோட்டில் எழுதிவிடுவோம். அப்படி எழுதிக்கொண்டே வந்ததில் வெற்றிலைக்காரர்களுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. பின்பக்கம் சாமான் அறை ஒன்று இருக்கிறது, அதை நாலாவது ஹாலாக மாற்றலாமா என்று அப்பா கேட்கிறார். தச்சுவேலை, ஃபேன், மைக் எல்லாம் செலவு. உண்மையிலேயே நாலு ஹால் தேவைதானா என்பதைக் கணக்காகப் பார்க்க வழி உண்டா?

பாபநாசம்_பாலு

அண்ணே, இது எங்களுக்கு செமஸ்டரில் வந்த கணக்கு. சீக்கிரம் முடியும் கூட்டத்தை முதலில் எடுக்க வேண்டும். முடியும் நேரப்படி அடுக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஹாலில் போட்டுக்கொண்டே வாங்க, அதுதான் குறைந்தபட்சம்.

செல்வி_திருவாரூர்

பாலு, நீங்கள் சொல்வது வேறு கேள்விக்கு விடை. ஒரே ஒரு ஹால் இருக்கிறது, அதில் அதிகபட்சம் எத்தனை கூட்டம் நடத்தலாம் என்று கேட்டால் சீக்கிரம் முடிவதை எடுப்பது சரி. அங்கே சில கூட்டங்களைக் கழித்துவிடலாம். இங்கே ஒன்றையும் கழிக்க முடியாது, எட்டும் நடக்க வேண்டும், ஹால்தான் குறைய வேண்டும். இதற்குத் தொடங்கும் நேரப்படி அடுக்க வேண்டும்.

முடியும் நேரப்படி அடுக்கினால் என்ன ஆகும் என்று நாலே கூட்டத்தில் பாருங்கள். முதல் கூட்டம் 9 முதல் 10. இரண்டாவது 9 முதல் 11. மூன்றாவது 12 முதல் 12:30. நாலாவது 10:30 முதல் 1. இது முடியும் நேர வரிசை. முதலாவது ஒன்றாம் ஹாலுக்குப் போகும், இரண்டாவது இரண்டாம் ஹாலுக்கு. 12 மணிக் கூட்டம் வரும்போது இரண்டுமே காலி, அதனால் ஒன்றாம் ஹாலில் உட்காரும். கடைசியாக 10:30 கூட்டம் வருகிறது. இரண்டாம் ஹாலில் 11 வரை ஆள், ஒன்றாம் ஹாலில் 12 மணிக்கு ஆள் வந்துவிடுவார்கள். மூன்றாம் ஹால் கேட்கும். ஆனால் எந்த நிமிஷத்திலும் இரண்டுக்கு மேல் கூட்டமே நடக்கவில்லை. தொடங்கும் வரிசையில் போட்டிருந்தால் 10:30 கூட்டம் ஒன்றாம் ஹாலுக்கும் 12 மணிக் கூட்டம் இரண்டாம் ஹாலுக்கும் போயிருக்கும், இரண்டிலேயே முடிந்திருக்கும்.

இப்போது அரசலாற்றான் சாருடைய பட்டியல். முதலில் ஹாலை மறந்துவிட்டு, எந்த நேரத்தில் எத்தனை கூட்டம் ஒன்றாக நடக்கிறது என்று மட்டும் எண்ணுங்கள். 9:30க்குப் பாசனம், மகளிர், விதை என்று மூன்று. 10:30க்குப் பாசனம் எழுந்துபோய் வெற்றிலை வருகிறது, மூன்றுதான். 11க்கு விதை போய் டீலர், மூன்று. 12க்கு மகளிர் போய் காப்பீடு. 12:30க்கு வெற்றிலை போய் நெசவாளர். 1 மணிக்கு இரண்டாகிறது, 1:30க்கு வகுப்பு சேர்ந்து மறுபடி மூன்று. நாலு எங்கேயும் வரவில்லை. மூன்று ஹாலில் எட்டும் அடங்கும்.

அரசலாற்றான்

மேடம், ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் இல்லை என்பது சரி. ஆனால் மூன்றில் அடங்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எங்கள் நோட்டிலும் மூன்றுக்கு மேல் ஒன்றாக வரவில்லை, இருந்தும் இடம் கிடைக்கவில்லையே.

செல்வி_திருவாரூர்

நல்ல கேள்வி. தொடங்கும் வரிசையில் நானே போட்டுக் காட்டுகிறேன். பாசனம் காவேரியில், மகளிர் அரசலாற்றில், விதை குடமுருட்டியில். 10:30க்குக் காவேரி காலி, வெற்றிலை அங்கே. 11க்குக் குடமுருட்டி காலி, டீலர்கள் அங்கே. 12க்கு அரசலாறு காலி, காப்பீடு அங்கே. 12:30க்குக் காவேரியில் நெசவாளர். 1:30க்கு அரசலாற்றில் வகுப்பு. முடிந்தது.

இது இந்த ஒரு நாளுக்கு மட்டும் நடந்த அதிர்ஷ்டம் இல்லை. தொடங்கும் வரிசையில் போகும்போது எப்போது புது ஹால் திறப்பீர்கள்? இருக்கும் எல்லா ஹாலிலும் அந்த நிமிஷத்தில் ஆள் இருந்தால்தான். நாலாவதைத் திறக்க வேண்டி வந்தால், அந்த நிமிஷத்தில் மூன்றிலும் கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது, வாசலில் நாலாவது நிற்கிறது. அதாவது நாலு கூட்டம் ஒரே நேரத்தில். அப்போது யார் எப்படி அடுக்கினாலும் நாலு ஹால் வேண்டும். ஆகவே அந்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு ஹால்கூட இந்த முறை கேட்காது.

உங்கள் நோட்டில் நடந்தது வேறு. பாசனத்தை டீலர்களுக்கு முன்னால் அரசலாற்றில் போட்டீர்கள், 10:30க்கும் 11க்கும் நடுவே அரை மணி நேரம் வீணாக நின்றது. குடமுருட்டியில் விதை 11க்கு எழுந்த பிறகு 12:30 வரை சும்மா. காலி நேரம் இருக்கிறது, ஆனால் இரண்டு ஹாலில் துண்டாகக் கிடக்கிறது. வெற்றிலைக்காரர்கள் பாதிக் கூட்டத்தில் ஹால் மாற முடியாதே.

மன்னை_ராஜா

நானும் இதே கணக்கில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அறுவடை மெஷின் வாடகைக்கு விடுகிறேன். சம்பா அறுப்பில் ஒரே நாளில் வடுவூரில் ஒருத்தர், கோட்டூரில் ஒருத்தர், நீடாமங்கலத்தில் ஒருத்தர் கேட்பார். கூட்டத்துக்குப் பதில் வயல், ஹாலுக்குப் பதில் மெஷின். நானும் எண்ணிப் பார்த்தால் போதுமா?

செல்வி_திருவாரூர்

ராஜா சார், உங்களுக்குப் போதாது. ஹாலில் ஒரு கூட்டம் எழுந்தால் அடுத்தது எதுவானாலும் உட்காரலாம். உங்கள் மெஷின் வடுவூரில் அறுத்து முடித்தால் நீடாமங்கலம் போக ஒரு நேரம், கோட்டூர் போக வேறு நேரம். இடைவெளி ஜோடிக்கு ஜோடி மாறும்போது ஒரே நேரத்தில் எத்தனை என்று எண்ணுவது குறைவாகக் காட்டிவிடும். எந்த வயலுக்கு அடுத்து எந்த வயலுக்குப் போய்ச்சேர முடியும் என்று எழுதிக்கொண்டு, முடிந்த அளவு அதிகமான வயல்களை அடுத்தடுத்து ஜோடி சேர்க்க வேண்டும். எத்தனை ஜோடி சேர்கிறதோ அத்தனை மெஷின் மிச்சம். மழை, சேறு, மெஷின் ரிப்பேர் எல்லாம் இதில் வராது. தனி இழை தொடங்குங்கள், பார்ப்போம்.

பழைய_டைப்பிஸ்ட்

நான் முப்பது வருஷம் அலுவலகத்தில் கூட்ட ஏற்பாடு பார்த்தவன். 10:30க்கு ஒரு கூட்டம் முடிந்து 10:30க்கே அடுத்தது தொடங்கும் என்பதெல்லாம் காகிதத்தில்தான், அம்மா. நன்றியுரை முடிந்த பிறகுதான் ஆளாளுக்குப் பேச்சே தொடங்கும். டீ கப் கிடக்கும், வடைத் தட்டு கிடக்கும், பேனரை அவிழ்க்க ஸ்டூல் தேடுவார்கள். பதினைந்து நிமிஷமாவது விட வேண்டும். அதைப் போட்டால் இந்தக் கணக்கு நிற்குமா?

செல்வி_திருவாரூர்

நிற்காது ஐயா, நீங்கள் சொல்வது நியாயம். எல்லா ஹாலுக்கும் ஒரே இடைவெளி என்றால் வழி எளிது. ஒவ்வொரு கூட்டமும் பதினைந்து நிமிஷம் தாமதமாக முடிவதாக வைத்துக்கொண்டு மறுபடி எண்ண வேண்டியதுதான். எண்ணினால் 10:30க்கு நாலு, ஏனென்றால் பாசனம் 10:45 வரை காவேரியை விடவில்லை. 11க்கு நாலு, 12க்கு நாலு, 12:30க்கும் நாலு. அதாவது நாலு இடத்தில், ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம்தான், நாலாவது ஹால் கேட்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்காகத் தச்சரைக் கூப்பிட வேண்டுமா என்பது உங்கள் முடிவு.

கூட்டத்தை நகர்த்த ஒத்துக்கொண்டால் மூன்றே போதும். வெற்றிலை 10:45க்கு, டீலர் 11:15க்கு, காப்பீடு 12:15க்கு, நெசவாளர் 1 மணிக்கு. அவரவர் கூட்ட நீளம் அப்படியே. காலையில் தொடங்கும் மூன்றும் மதிய வகுப்பும் நகர வேண்டாம். வெற்றிலையை நகர்த்தியதால் அது 12:45க்கு முடிந்து 1 மணிக்குத்தான் காவேரியை விடுகிறது, அதனால்தான் நெசவாளருக்கு மட்டும் அரை மணி நகர்த்தல்.

பாபநாசம்_பாலு

சரி மேடம், தொடங்கும் நேரம் என்று ஒத்துக்கொள்கிறேன். நிரல் எழுதிப் பார்த்தேன். நேரம் எல்லாம் நள்ளிரவிலிருந்து எத்தனை நிமிஷம் என்ற எண்ணாக.

```python
import heapq

def halls(meets, gap=0):
    busy, plan, count = [], [], 0
    for s, e, name in sorted(meets):
        if busy and busy[0][0] <= s:
            hall = heapq.heappop(busy)[1]
        else:
            count += 1
            hall = count
        heapq.heappush(busy, (e + gap, hall))
        plan.append((hall, s, e, name))
    return count, plan
```

முதலில் காலியாகும் ஹால் எது என்று மட்டும் பார்க்கிறது. அதுவே காலியாகவில்லை என்றால் மற்றதும் காலியாகியிருக்காது, எல்லா ஹாலையும் தேட வேண்டாம். gap=0 என்றால் 3, gap=15 என்றால் 4 வருகிறது.

செல்வி_திருவாரூர்

சரியாக இருக்கிறது. அந்த `<=` குறியில் மட்டும் யாரும் கை வைக்காதீர்கள். அதை `<` என்று மாற்றினால் 10:30க்கு முடிந்த ஹாலை 10:30க்குத் தொடங்குபவருக்குத் தராது, இடைவெளியே இல்லாமலும் நாலு என்று சொல்லும்.

அரசலாற்றான்

தம்பி, எனக்கு நிரல் ஓட்டத் தெரியாது. எக்செல் இருக்கிறது. அதில் முடியுமா?

பாபநாசம்_பாலு

முடியும் அண்ணே. B பத்தியில் தொடங்கும் நேரம், C பத்தியில் முடியும் நேரம், இரண்டாம் வரியிலிருந்து. D2வில் இதைப் போட்டுக் கீழே இழுங்க:

```
=COUNTIFS(B$2:B$9,"<="&B2,C$2:C$9,">"&B2)
```

ஒவ்வொரு கூட்டமும் தொடங்கும்போது மொத்தம் எத்தனை நடக்கிறது என்று வரும். எண்ணிக்கை கூடுவது ஏதாவது ஒன்று தொடங்கும்போதுதான், அதனால் தொடங்கும் நேரங்களை மட்டும் பார்த்தால் போதும். அதில் பெரிய எண் எதுவோ அத்தனை ஹால்.

அரசலாற்றான்

போட்டேன். பெரிய எண் 3தான். ஆனால் வகுப்பு வரியில் 1 என்கிறது, அந்த நேரத்தில் டீலரும் நெசவாளரும் இருக்கிறார்களே. டீலர் வரியில் 2 என்கிறது.

செல்வி_திருவாரூர்

மதியம் 1:30ஐ 1:30 என்றே அடித்திருப்பீர்கள். அது அதிகாலை ஒன்றரை. டீலர் கூட்டம் 11க்குத் தொடங்கி 2:00க்கு முடிகிறது என்று அடித்தால், தொடங்கும் முன்பே முடிந்துபோனதாக அது எடுத்துக்கொள்ளும், எந்த எண்ணிக்கையிலும் வராது. 13:30, 14:00 என்று அடியுங்கள். இந்த முறை பெரிய எண் தற்செயலாகச் சரியாக வந்தது, காலை நேரத்திலும் மூன்று இருந்ததால். மதியம் மட்டும் நெரிசலான நாளாக இருந்தால் குறைவாகச் சொல்லி ஏமாற்றியிருக்கும். எந்த வரியிலாவது 0 வந்தால் உடனே நேரத்தைச் சரிபாருங்கள், ஏனென்றால் தொடங்கும் கூட்டம் தன்னையாவது எண்ண வேண்டும்.

இன்னொன்று. எக்செல் நேரத்தை ஒரு நாளின் பின்னமாக வைத்திருக்கும். முடியும் நேரத்தோடு கால் மணியைக் கூட்டினால் திரையில் 10:45 என்று தெரிந்தாலும் உள்ளே மயிரிழை தள்ளி நிற்கலாம், அப்போது 10:45க்குத் தொடங்குவதோடு மோதுவதாகக் காட்டும். `=ROUND(B2*1440,0)` என்றும் `=ROUND(C2*1440,0)+15` என்றும் இரண்டு பத்தி போட்டு, அந்த முழு நிமிஷங்களை வைத்து எண்ணுங்கள்.

பழைய_டைப்பிஸ்ட்

எண்ணுவது புரிந்தது. ஆனால் போன் வரும்போது என்ன செய்வது? நாளைக்கு யார் கூப்பிடுவார் என்று இன்றைக்குத் தெரியாது. தொடங்கும் வரிசையில் போட எல்லாப் போனும் முதலில் வந்திருக்க வேண்டுமே.

செல்வி_திருவாரூர்

ஐயா, இந்த இழையிலேயே இதுதான் முக்கியமான கேள்வி. போன் வந்த உடனே ஹாலையும் எழுதித்தான் ஆக வேண்டும், பிறகு மாற்றவே கூடாது என்றால், எவ்வளவு சாமர்த்தியமாக எழுதினாலும் சில நாள் தோற்கத்தான் செய்யும். கியர்ஸ்டெட், டிராட்டர் என்ற இரண்டு கணிதக்காரர்கள் 1981இல் காட்டியது: ஒரே நேரத்தில் அதிகபட்சம் மூன்று கூட்டம்தான் என்றாலும், மிக மோசமான வரிசையில் போன் வந்தால் ஏழு ஹால் வரை தேவைப்படலாம். மூன்றை மூன்றால் பெருக்கி இரண்டைக் கழித்தால் ஏழு. அவர்கள் முறை அதற்கு மேல் போகாது, வேறு எந்த முறையாலும் அதற்குக் கீழே உத்தரவாதம் தர முடியாது. தினமும் அப்படி வராது, ஆனால் எட்டுக் கூட்டத்திலேயே ஒன்று வெளியே நின்றதைப் பார்த்தோம்.

அதனால் போனில் ஹாலைச் சொல்லாதீர்கள். நேரத்தை மட்டும் எழுதுங்கள். புதுக் கூட்டத்தையும் சேர்த்து எண்ணினால் மூன்றுக்குள் இருக்கிறதா? சரி என்று சொல்லுங்கள். நாலு வருகிறதா? அந்த நேரம் இல்லை, வேறு நேரம் சொல்லுங்கள் என்று கேளுங்கள். எந்த ஹால் என்பதை அன்று காலையில் தொடங்கும் வரிசையில் போடலாம். சொல்லப்போனால் காலையில்கூட வேண்டாம், ஆள் வந்து நிற்கும்போது காலியாக இருக்கும் ஹாலைக் காட்டினாலே போதும். இந்த முறை முன்னால் என்ன வரப்போகிறது என்று பார்ப்பதே இல்லை, இப்போது எது காலி என்றுதான் பார்க்கிறது. பத்து மணிக்கு ஒருத்தர் திடீரென்று வந்து மாலைக்குக் கேட்டாலும் அதே எண்ணிக்கைதான் பதில் சொல்லும்.

அரசலாற்றான்

கேட்க நன்றாக இருக்கிறது, நடைமுறையில் இடிக்கும் மேடம். அழைப்பிதழில் ‘காவேரி ஹால், மாடி’ என்று அச்சடித்துவிடுகிறார்கள். டீலர்கள் கூட்டத்துக்குப் புரொஜெக்டர் வேண்டும், அது காவேரியில்தான் மாட்டியிருக்கிறது.

பாபநாசம்_பாலு

அழைப்பிதழில் கட்டடம் பெயர் மட்டும் போடச் சொல்லுங்க அண்ணே, படிக்கட்டில் ஒரு கரும்பலகை வைத்து அன்றைக்கு எழுதிவிடலாம். புரொஜெக்டர் வேண்டியவர்களைத் தனியாக எண்ணி, ஒரே நேரத்தில் ஒருத்தருக்கு மேல் இல்லை என்றால் பிரச்சினை இல்லை.

செல்வி_திருவாரூர்

கரும்பலகை சரி. இரண்டாவது சரியில்லை, பாலு. நான் முன்னால் சொன்ன நாலு கூட்டத்தையே எடுங்கள். 9 மணிக்குத் தொடங்கி 10க்கு முடிவதும், 12 மணிக் கூட்டமும் புரொஜெக்டர் கேட்கின்றன. இரண்டும் மோதவே இல்லை, மொத்த எண்ணிக்கையும் இரண்டுதான். ஆனால் இரண்டையும் ஒரே ஹாலில் போட்டால் 10:30 கூட்டத்துக்கு இடம் இல்லை. இரண்டு எண்ணிக்கையும் சரியாக இருந்தும் அடங்கவில்லை. இந்த ஹால்தான் என்று சில கூட்டங்கள் பிடிவாதம் பிடித்தால் பொதுவாக விரைவான வழி யாருக்கும் தெரியாது. எட்டுப் பத்துக் கூட்டம் என்றால் கையால் மாற்றி மாற்றிப் பார்த்துவிடலாம்.

உங்கள் நாளுக்கு அந்தக் கவலை இல்லை. காவேரி, குடமுருட்டி என்ற பெயரை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றிவிடுங்கள், டீலர்கள் காவேரிக்கு வந்துவிடுவார்கள்.

பழைய_டைப்பிஸ்ட்

அழைப்பிதழில் ஹால் பெயர் இல்லாவிட்டால் கௌரவக் குறைவு என்று நினைக்கிறவர்கள் நம் ஊரில் உண்டு. அவர்களைக் கரும்பலகை பார்க்கச் சொன்னால் அடுத்த வருஷம் வேறு மண்டபம் போய்விடுவார்கள். இதற்குக் கணக்கில் பதில் இல்லை என்று நினைக்கிறேன்.

மன்னை_ராஜா

புரொஜெக்டரைக் கழற்றிச் சக்கர மேசையில் வைத்தால் என்ன? என் மெஷினை விட லேசுதானே.

அரசலாற்றான்

அப்பாவுக்கு அந்த யோசனை பிடித்திருக்கிறது ராஜா அண்ணே, சாமான் அறை வேலையை இப்போதைக்கு நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டார்.

இன்று எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினேன். வெற்றிலைக்காரர்கள் 10:45க்குச் சம்மதம், இடம் கிடைத்ததே என்றார்கள். டீலர்களும் காப்பீட்டுக்காரர்களும் கால் மணி தள்ளிவைக்க ஒத்துக்கொண்டார்கள். நெசவாளர் சங்கச் செயலாளர் மட்டும் 12:30க்கு மேல் முடியாது, சாப்பாடு சொல்லியாகிவிட்டது என்கிறார். இப்போது என்ன செய்ய?

செல்வி_திருவாரூர்

அப்படியானால் வெற்றிலைக்காரர்களிடம் 12:45க்குப் பதில் 12:15க்கு முடித்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். ஹாலைச் சுத்தம் செய்ய கால் மணி, 12:30க்கு அந்த ஹாலில் நெசவாளர் உட்காரலாம், எண்ணிக்கை மூன்றிலேயே நிற்கும். இரண்டு மணி நேரக் கூட்டம் ஒன்றரையாகக் குறைகிறது, அதற்கு ஒத்துக்கொள்வார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அரசலாற்றான்

கேட்டுவிட்டுச் சொல்கிறேன். வாடகையில் கொஞ்சம் குறைத்தால் ஒத்துக்கொள்வார்கள் என்று தோன்றுகிறது.